புரியலைன்னா குப்பையா?

ப்ராஜெக்ட் பண்ற மாணவர்களுக்கு சீனியர்கள் வழியாகக் கைமாறி வருகிற ஒரு வரி உண்டு. "அர்த்தமில்லாத பதில்களை நீக்கிவிட்டு அலசலைத் தொடங்கவும்." கேள்வித்தாள் தயாரிப்பது எப்படி, எத்தனை பேரிடம் கேட்பது, எந்தச் சோதனை போடுவது என்பதற்கெல்லாம் பக்கம் பக்கமாக விளக்கம் கிடைக்கும். எது அர்த்தமில்லாதது என்று யார் முடிவு செய்வது, எப்படி முடிவு செய்வது என்பதற்கு மட்டும் அரை வரி கூடக் கிடையாது. எக்செல் திறந்து, கண்ணுக்குப் புரியாத வரியை எல்லாம் மஞ்சள் அடித்து, ஒரே டெலிட். வேலை முடிந்தது, டீ குடிக்கப் போகலாம்.

இதை நான் சோம்பேறித்தனம் என்று மட்டும் சொல்ல மாட்டேன். கணக்குப் படிக்கிறவன் பார்வையில் இது தப்பான கணக்கு. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள் மக்களே.

எங்கள் வகுப்பில் ஒரு குழு எடுத்த ப்ராஜெக்ட்டையே எடுத்துக்கொள்கிறேன். தலைப்பு ரொம்பச் சாதாரணம்: சிறு கடைக்காரர்கள் ஏன் வங்கிக் கடன் வாங்குவதில்லை? பாதிப் பேர் இணையப் படிவத்தில் பதில் சொன்னார்கள். மீதிப் பேரிடம் அச்சடித்த தாளைக் கொடுத்துத் தமிழில் எழுதி வாங்கினார்கள். தாளில் வந்ததை எல்லாம் ஒரு டிடிபி கடையில் கொடுத்து எக்செலில் ஏற்றச் சொன்னார்கள். பிறகு இரண்டையும் சிஎஸ்வி கோப்பாக்கி ஒன்றாக ஒட்டினார்கள். "கடன் வாங்காததற்குக் காரணம்" என்ற பத்தியில் வந்து நின்ற சில வரிகள் இவை:

```
mk;kh
test
tl;b mjpfk;
asdf asdf
mp ;psm
voos alshkf
vatti jasthi
ghghghjgh
fld; Ntz;lhk;
à®•à®Ÿà®©à¯
?????
```

குழுத் தலைவர் அண்ணன் ஒருத்தர் இதைப் பார்த்துவிட்டு, "அத்தனையும் கார்பேஜ்டா, தூக்கிடு" என்றார். கடைசியில் தூக்க வேண்டியது இதில் மூன்றே மூன்று, நீங்கள் ரொம்பத் தாராளமாக இருந்தால் நான்கு. மீதி எல்லாம் யாரோ ஒருவர் கேட்ட கேள்விக்கு ஒழுங்காகச் சொன்ன பதில், அல்லது அந்தப் பதிலின் மிச்சம்.

புரியாத ஒரு வரி நம்மிடம் வந்தால் அது ஐந்தில் ஒன்றாக இருக்கலாம். கை தவறி வந்தது. யாரோ வேலை செய்கிறதா என்று தட்டிப் பார்த்தது. வெறும் சத்தம். ஏதோ ஒரு குறியீடு. இல்லையென்றால் நமக்குத் தெரியாத வடிவத்தில் இருக்கும் நிஜமான மொழி. இந்தப் பட்டியல் பலருக்கும் தெரியும். தெரியாதது என்னவென்றால், இந்த ஐந்தும் ஒரே வகைப் பெட்டிகள் கிடையாது. கைத்தவறு என்பது விரலைப் பற்றிய செய்தி. சோதனை என்பது எண்ணத்தைப் பற்றியது. குறியீடு என்பது வடிவத்தைப் பற்றியது. ஒரே வரி கைத்தவறாகவும் நிஜ மொழியாகவும் இருக்கலாம், நிஜச் சொல்லாகவும் சோதனையாகவும் இருக்கலாம் (இரண்டுக்கும் மேலே உதாரணம் இருக்கிறது, வருகிறேன்). ஆனால் சத்தம் என்பதற்கு மட்டும் தனியாக ஆதாரம் எதுவும் கிடையாது. மற்ற நான்கும் இல்லை என்று ஆன பிறகு மிஞ்சுவதற்கு நாம் வைத்த பெயர் அது. அப்படியிருக்க, அந்தக் கேள்வியை முதலில் கேட்டு முதலிலேயே டெலிட் அடிப்பது என்ன நியாயம்? விசாரணைக்கு முன்னால் தீர்ப்பு எழுதுகிற கதை.

கேள்விகளுக்குப் போகும் முன் ஒரு நிபந்தனை. அந்தப் பத்தியை அப்படியே நகல் எடுத்து ஓரமாக வையுங்கள், அதைத் தொடாதீர்கள். "கொஞ்சம் சுத்தம் பண்ணிட்டுப் பார்க்கலாம்" என்று எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக மாற்றுவது, அரைப்புள்ளி காற்புள்ளிகளை நீக்குவது, இதெல்லாம் எங்கள் குழுக்களில் முதல் நாளே நடந்துவிடும். அதனால் என்ன ஆகும் என்று கீழே காட்டுகிறேன்.

முதலில் கேட்க வேண்டியது வரியைப் பற்றியே அல்ல. இது எந்த வழியாக வந்தது? இணையப் படிவமா, தாளா? தாள் என்றால் யார் தட்டச்சு செய்தது, எந்த எழுத்துருவில்? அந்த வரிசையில் மற்ற கட்டங்கள் நிரம்பியிருக்கின்றனவா? படிவத்தைத் திறந்துவிட்ட நேரத்துக்கு முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா?

சோதனையைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. test என்ற சொல்லைப் பார்த்து அது சோதனை என்று முடிவு செய்யாதீர்கள். "போன மாதம் எதற்கு அதிகம் செலவு?" என்ற கேள்விக்கு test என்று ஒருவர் எழுதினால் அது ரத்தப் பரிசோதனையாக இருக்கலாம். நம் பட்டியலில் உள்ள test, படிவத்தைச் சுற்றுக்கு விடுவதற்கு முந்தின இரவு வந்தது, எல்லாக் கட்டங்களிலும் அதே test. அதனால்தான் அது சோதனை. asdf asdf வரியும் அதே கதைதான், அதே இரவு, இரண்டு நிமிடம் கழித்து.

முதல் வரி mk;kh இன்னும் சுவாரசியமானது. இதை அவிழ்த்தால் "அம்மா" என்று வரும். அருமையான தமிழ்ச் சொல். கடன் வாங்காததற்குக் காரணம் அம்மா! வாங்க விடமாட்டாங்களோ என்னவோ என்று நானும் கற்பனை பண்ணிப் பார்த்தேன். ஆனால் அந்த வரிசையில் கடைப் பெயர் இல்லை, வயது இல்லை, வேறெந்தக் கட்டத்திலும் எதுவும் இல்லை. டிடிபி கடையில் தட்டச்சு செய்தவர் எழுத்துரு சரியாக வருகிறதா என்று முதல் வரியில் தட்டிப் பார்த்துவிட்டு அழிக்காமல் விட்டது. ஆக, மொழிதான், ஆனால் சோதனை. சொல்லை மட்டும் பார்த்திருந்தால் இதைப் பதிலாகச் சேர்த்திருப்போம். வரிசையைப் பார்த்ததால் பிடிபட்டது.

சரி, அவிழ்த்தேன் என்றேனே, எப்படி? அடுத்த கேள்வி அதுதான்: இது வேறு எழுத்துமுறையில் உள்ள தமிழா?

யூனிகோடு பரவுவதற்கு முன்னால் தமிழ் எழுத்துருக்கள் ஒரு தந்திரத்தில்தான் ஓடின. கணினியைப் பொறுத்தவரை நீங்கள் அடிப்பது ஆங்கில எழுத்து. எழுத்துரு மட்டும் அந்த இடத்தில் தமிழ் உருவத்தைக் காட்டும். எந்த ஆங்கில எழுத்துக்கு எந்தத் தமிழ் உருவம் என்பது ஒவ்வொரு எழுத்துருவிலும் ஒவ்வொரு மாதிரி. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாப், டாம் என்ற தரங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. 2010ல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16ஐயும் ஏற்றுக்கொண்டது. ஆனால் அச்சகத்திலும் டிடிபி கடையிலும் கை பழகிவிட்ட பாமினி போன்ற எழுத்துருக்கள் அரசாணையைப் படித்துவிட்டு ஓடிப்போய்விடவில்லை. இலங்கைத் தமிழர்கள் பலருக்கும் பாமினி நெடுநாள் பழக்கம்.

சிஎஸ்வி என்பது வெறும் எழுத்துகளை மட்டும் வைத்திருக்கும் கோப்பு. எந்த எழுத்துருவில் அடித்தது என்ற தகவல் அதில் கிடையாது. எக்செலில் அழகாகத் தமிழ் தெரிந்த கட்டம், சிஎஸ்வி ஆனதும் வேஷம் கலைந்து ஆங்கில எழுத்தாக நிற்கும். tl;b mjpfk; என்பது அப்படி வந்ததுதான்.

பாமினியில் t என்றால் வ. l என்றால் ட. அரைப்புள்ளி என்றால் மெய்யெழுத்தின் புள்ளி. b என்றால் டி. ஆக tl;b என்பது வட்டி. m என்றால் அ, j என்றால் த, p என்றால் இகரக் கொக்கி, f என்றால் க, k என்றால் ம. mjpfk; என்பது அதிகம். வட்டி அதிகம்! கேட்ட கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான, தெளிவான பதில் யாராவது சொல்ல முடியுமா? இதைத்தான் கார்பேஜ் என்றார்கள். fld; Ntz;lhk; என்பது "கடன் வேண்டாம்".

பாமினி என்று சந்தேகப்பட அந்த எழுத்துருவை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சொல்லுக்கு நடுவில் இடைவெளி இல்லாமல் அரைப்புள்ளி வருகிறதா என்று பாருங்கள். ஆங்கிலத்தில் அரைப்புள்ளி சொல்லின் முடிவில் வரும், அடுத்து ஒரு இடைவெளி இருக்கும். தமிழிலோ சொல்லுக்குள்ளேயே புள்ளி வைத்த எழுத்து அடிக்கடி வரும். இன்னொன்று, தமிழில் ம் என்று முடியும் சொற்கள் ஏராளம் (பணம், கடன் பத்திரம், பயம், நேரம், எல்லாம்). அதனால் சொல்லின் கடைசியில் k; திரும்பத் திரும்ப வந்தால் முக்கால்வாசி சந்தேகம் தீர்ந்தது.

இப்போது சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்பவர்களுக்கு வருகிறேன். பாமினியில் பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு. F என்றால் கு, f என்றால் க. L என்றால் டு, l என்றால் ட. குடும்பம் என்பதை இப்படி அடிப்பார்கள்:

```
FLk;gk;
```

இதை எக்செலில் சின்ன எழுத்தாக்கினால் flk;gk; ஆகும். அவிழ்த்தால் "கடம்பம்". குடும்பச் செலவு என்று எழுதியவர் கடம்பச் செலவு செய்தவர் ஆகிவிடுவார்! அரைப்புள்ளிகளை நீக்கினால் எல்லாப் புள்ளியும் போய், ஓலைச்சுவடி மாதிரி ஆகும். காற்புள்ளி இன்னும் மோசம், ஏனென்றால் பாமினியில் காற்புள்ளிதான் இ. பணம் இல்லை என்பது gzk; ,y;iy. சிஎஸ்வியில் காற்புள்ளிதான் கட்டத்தைப் பிரிக்கும் குறி. எக்செல் இதற்காக அந்தக் கட்டத்தைச் சுற்றி மேற்கோள் குறி போட்டுக் காப்பாற்றும். மேற்கோள் குறி அசிங்கமாக இருக்கிறது என்று யாராவது நோட்பேடில் திறந்து எல்லாவற்றையும் நீக்கினால் "பணம்" ஒரு கட்டத்திலும், தலை போன "ல்லை" அடுத்த கட்டத்திலும் விழும். பக்கத்துக் கட்டம் மாத வருமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே y;iy என்று நிற்கும். பார்ப்பவர் அதையும் குப்பை என்பார்.

voos alshkf வரி பாமினி அல்ல. இது படிவத்தில் நேரடியாக வந்தது. தமிழ்99 விசைப்பலகை பழகிய ஒருவர், தமிழுக்கு மாற்ற மறந்து ஆங்கிலத்திலேயே அடித்திருக்கிறார். தமிழ்99ல் v என்றால் வ, o என்றால் ட, s என்றால் இ. ட-வை இரண்டு முறை அடித்தால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழும். எனவே voos, வட்டி. a அ, l த, s இ, h க, k ம, f புள்ளி. alshkf, அதிகம். அதே வட்டி, அதே அதிகம்! விரல் செய்தது தவறு, வாய் சொன்னது நிஜம். இதைக் கைத்தவறு பெட்டியில் போட்டு மூடினால் ஒரு பதில் போச்சு.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. "எல்லா எழுத்தும் விசைப்பலகையின் ஒரே வரிசையில் இருந்தால் அது சும்மா தட்டியது" என்று ஒரு விதி புழக்கத்தில் உண்டு. asdf-க்குச் சரிதான். ஆனால் alshkf-ல் உள்ள ஆறு எழுத்தும் நடு வரிசைதான்! தமிழ்99ஐ வடிவமைத்தவர்கள் தமிழில் அதிகம் வரும் எழுத்துகளை வேண்டுமென்றே நடு வரிசையில் வைத்தார்கள், விரல் அலையக் கூடாது என்று. அந்த நல்ல காரியமே இந்த விதிக்கு எதிரியாகிவிட்டது. வரிசையைப் பார்த்தால் போதாது, போக்கைப் பார்க்க வேண்டும். asdf பக்கத்துப் பக்கத்து விசையாக ஒரே திசையில் போகிறது. ghghghjgh இரண்டு மூன்று விசைகளுக்குள்ளேயே சுற்றுகிறது. alshkf இடமும் வலமும் தாவுகிறது, எந்த எழுத்தும் திரும்ப வரவில்லை.

அடுத்து mp ;psm. இதிலும் அரைப்புள்ளி இருக்கிறது. பாமினியா? பாமினி என்று வைத்து அவிழ்த்துப் பாருங்கள். m என்றால் அ, p என்றால் இகரக் கொக்கி. அ-வுக்குக் கொக்கி போட முடியுமா? முடியாது. இரண்டாவது சொல் அரைப்புள்ளியில் தொடங்குகிறது, அதாவது புள்ளியில் தொடங்கும் சொல். தமிழில் அப்படி ஒன்று இருக்கவே முடியாது. எனவே பாமினி இல்லை. தமிழ்99 என்று வைத்தால் "ரண நணிர" என்று வரும். எழுத்தாக எழுதலாம், ஆனால் சொல்லாக எங்கேயும் கிடையாது.

அப்போது கேட்க வேண்டியது: கை ஒரு விசை நகர்ந்திருக்குமா? ஒவ்வொரு எழுத்துக்கும் விசைப்பலகையில் இடது பக்கத்து விசையைப் போட்டுப் பாருங்கள். m-க்கு n, p-க்கு o, அரைப்புள்ளிக்கு l, p-க்கு o, s-க்கு a, m-க்கு n. no loan! கையை ஒரு விசை வலப்பக்கம் தள்ளி வைத்துவிட்டு, திரையைப் பார்க்காமல் அடித்திருக்கிறார். தட்டச்சு வேகமாகத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்தத் தவறு வரும் என்பது வேடிக்கை. ஒற்றை விரலில் தேடித் தேடி அடிப்பவருக்கு இந்த விபத்து நடக்காது.

கவனித்தீர்களா, அவிழ்த்ததை ஏற்றுக்கொள்ள மூன்று படி வைத்தேன். எழுத்துகள் அந்த மொழியில் அப்படிச் சேர முடியுமா? சேர்ந்தால் அது ஒரு சொல்லா? சொல் என்றால் கேட்ட கேள்விக்கு அது பதிலா? மூன்றும் வேண்டும். ஏனென்றால் எதிர்ப்பக்க வியாதியும் ஒன்று உண்டு, எல்லாவற்றிலும் அர்த்தம் தேடுவது. பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, அவற்றில் முழுப் பத்தியையும் கொட்டினால் எல்லாம் தமிழாக வெளியே வரும். test என்பது "வநளவ" ஆகும். asdf "யளனக" ஆகும். shop என்று ஒழுங்காக ஆங்கிலத்தில் எழுதியவர் "ளாழி" என்று சொன்னதாக ஆகிவிடும் (கேட்க நன்றாகத்தான் இருக்கிறது). கருவிக்குச் சந்தேகம் வராது, நமக்குத்தான் வர வேண்டும்.

vatti jasthi-யைக் கூடவா குப்பை என்பார்கள் என்று கேட்காதீர்கள், ஆங்கில எழுத்துப்பிழை பார்க்கும் கருவி சிவப்புக் கோடு போட்டது, அதனால் மஞ்சள் அடித்துவிட்டார்கள். இலங்கை நண்பர்கள் இதையே vaddi என்று எழுதுவார்கள். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவதற்கு எழுத்துப்பிழை என்று ஒன்று கிடையாது, வாய்விட்டுப் படித்தால் போதும்.

இப்போது à®•à®Ÿà®©à¯ வரி. இதைப் பார்த்தால் வைரஸ் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. யூனிகோடுத் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டாகச் சேமிக்கப்படும். அதைப் பழைய மேற்கத்திய முறை என்று நினைத்துத் திறந்தால் பைட்டுக்கு ஒரு குறியாக மூன்று குறி தெரியும். தமிழ் எழுத்து எதுவானாலும் முதல் இரண்டு குறி à® அல்லது à¯ என்றுதான் வரும். அந்த ஜோடி மூன்று குறிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், தமிழ். அந்த இடத்தில் à¤, à¥ என்று வந்தால் இந்தி எழுத்து. மேலே உள்ளது "கடன்". கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், எக்செலில் டேட்டா பகுதி வழியாக இறக்கி, எழுத்துமுறை கேட்கும்போது இதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் திரும்பி வரும்:

```
65001: Unicode (UTF-8)
```

கடைசி வரியான கேள்விக்குறிகளுக்கு இந்த மந்திரம் பலிக்காது. தப்பாகத் திறப்பது வேறு, தப்பாகச் சேமிப்பது வேறு. யூனிகோடுத் தமிழ் உள்ள தாளை எக்செலில் சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால், அந்த முறையில் இடமில்லாத ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாக மாற்றி எழுதப்படும். உள்ளே எதுவும் ஒளிந்திருக்கவில்லை, பதில் போய்விட்டது. எத்தனை எழுத்து என்பது மட்டும் மிச்சம். ஐந்து கேள்விக்குறி என்றால் கொக்கியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்பட்டு ஐந்து. "தமிழ்" என்று எழுதினாலும் ஐந்து, "நேரம்" என்று எழுதினாலும் ஐந்து. இதை ஊகித்து நிரப்பக் கூடாது. ஆனால் இதைச் சத்தம் என்றும் எண்ணக் கூடாது. பதில் சொன்னார், நாம் தொலைத்தோம் என்று தனியாக எழுத வேண்டும்.

குறியீட்டுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை, காமர்ஸ் மாணவர்களுக்கு இது தினசரிச் சோறு. குறியீடு என்றால் நீளம் மாறாது, எந்த இடத்தில் எழுத்து, எந்த இடத்தில் எண் என்பது மாறாது. 15 இடம், தொடக்கத்தில் 33, நடுவில் ஐந்து எழுத்து நான்கு எண் ஒரு எழுத்து என்று பத்து இடம், பதினாலாவது இடத்தில் Z என்றால் அது தமிழ்நாட்டுக் கடையின் ஜிஎஸ்டி எண், நடுவில் இருப்பது பான். 11 இடம், முதல் நான்கு எழுத்து, ஐந்தாவது பூஜ்யம் என்றால் வங்கிக் கிளையின் ஐஎஃப்எஸ்சி. ஐந்தாவது இடத்தில் பூஜ்யத்துக்குப் பதில் O என்ற எழுத்து இருந்தால் அது குறியீட்டுக்குள் நடந்த கைத்தவறு. இப்படி ஒன்று காரணம் கேட்கும் கட்டத்தில் வந்தால், கட்டம் மாறி விழுந்திருக்கிறது என்று பொருள், பக்கத்துக் கட்டங்களையும் பாருங்கள். ஒரு வேண்டுகோள், அதை அப்படியே பிற்சேர்க்கையில் அச்சடித்துவிடாதீர்கள். அது ஒருவருடைய வரி எண்.

இத்தனையும் கேட்ட பிறகு என்ன மிஞ்சியது? ghghghjgh. எந்த முறையில் அவிழ்த்தாலும் சொல் வரவில்லை, விசை நகர்த்தினாலும் வரவில்லை, நீளமும் இடமும் எந்தக் குறியீட்டுக்கும் பொருந்தவில்லை, மற்ற கட்டங்கள் நிரம்பியிருப்பதால் சோதனையும் இல்லை. கட்டாயக் கேள்வி என்பதால் எதையாவது தட்டிவிட்டு நகர்ந்திருக்கிறார். இப்போது சொல்லுங்கள் சத்தம் என்று, ஒத்துக்கொள்கிறேன். k, ff மாதிரி ஓரிரு எழுத்துப் பதில்களுக்கு இதுவும் முடியாது. அவ்வளவு சின்னதை எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம். "முடிவு செய்யவில்லை" என்று ஒரு பெட்டி வைப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

"பத்து வரிக்கு இவ்வளவு பாடா? அத்தனை பதில்களுக்கு நடுவில் நாற்பது சொச்சம் போனால் என்ன ஆகிவிடும்?" என்று அந்த அண்ணன் கேட்டார். இதற்குப் பதில் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் வெறும் எழுத்துரு ஜல்லி.

நாற்பதும் எல்லாப் பக்கத்திலிருந்தும் சீராகப் போனால் உண்மையிலேயே பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் யார் போகிறார்கள் என்று பாருங்கள். இணையப் படிவத்தை நிரப்பத் தெரிந்தவர்கள் ஆங்கிலத்திலும் யூனிகோடிலும் பதில் சொன்னார்கள், அவர்கள் பதில் பெரும்பாலும் பிழைத்துவிட்டது. தாளில் எழுதிக் கொடுத்தவர்கள் யார்? போனில் படிவம் நிரப்ப வராத, கொஞ்சம் வயதான, சின்னக் கடை வைத்திருப்பவர்கள். அவர்கள் பதில் முழுவதும் டிடிபி கடை வழியாக, பாமினியாக வந்தது. மஞ்சள் அடித்தது ஒரு எழுத்துருவைத்தான், ஆனால் டெலிட் ஆனது ஒரு வகை மனிதர்கள். மாதிரியெடுப்பில் சாய்வு என்று இரண்டாம் வருடத்தில் மனப்பாடம் செய்து பத்து மதிப்பெண் வாங்கினோமே, அது இதுதான்.

அறிக்கையின் முதல் வரைவில் முடிவு என்ன தெரியுமா? ஆவணங்கள் அதிகம் கேட்கிறார்கள், நாள் ஆகிறது, எனவே நடைமுறையை எளிமையாக்க வேண்டும். படிவத்தில் பதில் சொன்னவர்களின் குறை அது. தாளில் எழுதியவர்கள் அதைச் சொல்லவே இல்லை. வட்டி அதிகம், கடன் வேண்டாம், பயம், இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். அது அறிக்கையில் ஒரு வரியாகக் கூட இல்லை. "சிறு கடைக்காரர்களுக்கு வட்டி ஒரு பெரிய பிரச்சினையாகத் தெரியவில்லை" என்று ஒரு வாக்கியம் வேறு! வட்டி என்று சொன்ன அத்தனை பேரையும் அழித்துவிட்டு, வட்டி என்று யாருமே சொல்லவில்லை என்பது.

வேலை எவ்வளவு என்று கேட்டால், நானும் இன்னொரு தோழியும் உட்கார்ந்தோம், ஒரு மதியம் ஆனது. வந்த வழியைப் பார்த்து வரிகளைப் பிரித்ததிலேயே முக்கால்வாசி முடிந்துவிட்டது, ஏனென்றால் தாளில் வந்தவை எல்லாம் ஒரே முறையில்தான் உடைந்திருந்தன. கேள்விக்குறி வரிகளுக்கு மட்டும் குழுவின் முதல் எக்செல் கோப்பைத் தேட வேண்டியிருந்தது. ஒருத்தருடைய பென்டிரைவில் கிடைத்தது. ????? என்று நின்ற இடத்தில் "நேரம்" என்று இருந்தது, அதற்குப் பின்னால் வந்திருக்க வேண்டிய "இல்லை" அடுத்த கட்டத்தில், மாத வருமானத்துக்கு நேராக. அங்கே அவர்கள் பூஜ்யம் என்று போட்டுக் கணக்கெடுத்திருந்தார்கள்.